22 நிமிஷ குறும்படம் முடிஞ்சாச்சு, அனுப்பறதுக்கு முன்னாடி கைல என்னென்ன இருக்கணும்?

கேள்வி: "எங்க குறும்படம் எடிட், கலர், சவுண்ட் எல்லாம் முடிஞ்சிருச்சு. 22 நிமிஷம், ஃபுல் எச்டி, 25 எஃப்பிஎஸ். மன்னார்குடி சுத்தி எடுத்தது. ஃபெஸ்டிவலுக்கு அனுப்ப எந்த ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்ணணும், சப்டைட்டில் தனி ஃபைலா வேணுமா, போஸ்டருக்கு ஸ்டில் என்ன சைஸ், கடைசில எதையெல்லாம் பத்திரப்படுத்தணும்? தெரிஞ்சவங்க ஒரு செக்லிஸ்ட் குடுங்க ப்ளீஸ்."

லிஸ்ட் மட்டும் போதும்னா நாலு வரில முடிஞ்சிரும். டைட்டில் எழுத்தோட ஒரு மாஸ்டர், எழுத்தே இல்லாம ஒரு மாஸ்டர், ஆன்லைன்ல பாக்கறதுக்கு ஒரு சின்ன எம்பி4, தியேட்டர்ல போடப் போறாங்கன்னா டிசிபி. சப்டைட்டில் ஃபைல் தமிழ்ல ஒரு .srt, இங்கிலீஷ்ல ஒரு .srt. அஞ்சு ஸ்டில், ஒரு போஸ்டர். இது எல்லாம் மூணு இடத்துல. அவ்ளோதான். ஆனா கும்பகோணத்துல 14 வருஷமா இந்த வேலை பாக்கறேன், கல்யாண வீடியோல ஆரம்பிச்சு இப்ப குறும்படம் டாக்குமென்டரி ஃபினிஷிங் வரைக்கும், ஃபைல் இல்லன்னு மாட்டினவங்கள விட எல்லா ஃபைலும் இருந்து ஒண்ணோட ஒண்ணு சேராம மாட்டினவங்க தான் ஜாஸ்தி. உங்க கேள்வில போற போக்குல ஒரு 25னு போட்டிருக்கீங்க பாருங்க, நான் பயப்படறது அதுக்குத்தான். அத கொஞ்சம் நிதானமா சொல்றேன், மத்தத வேகமா தாண்டிரலாம்.

முதல்ல மாஸ்டர். எடிட் டைம்லைன்ல இருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட் நேரா எடுக்காதீங்க, எல்லாரும் பண்ற தப்பு இது. யாரோ கேட்டாங்கன்னு டைம்லைன்ல ஒரு டைட்டில மாத்துவீங்க, அடுத்த எக்ஸ்போர்ட்ல அது இருக்கும் பழசுல இருக்காது, ரெண்டு மாசம் கழிச்சு எது சரியானதுன்னு உங்களுக்கே தெரியாது. டைம்லைன்ல இருந்து ஒரே ஒரு மாஸ்டர் எடுங்க, மீதி எல்லாம் அந்த மாஸ்டர்ல இருந்து பொறக்கட்டும். ProRes 422 HQ எடுக்கலாம், இல்ல உங்க மெஷின்ல அது வரலன்னா DNxHR HQX, ரெண்டுமே எங்கயும் திறக்கும். ஃபுல் எச்டி 25ல ProRes 422 HQ செகண்டுக்கு சுமார் 184 மெகாபிட் எடுக்கும், உங்க 22 நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 30 ஜிபி வரும். எக்ஸ்போர்ட் முடிஞ்சு பாத்தா 3 ஜிபி தான் இருக்குன்னா எங்கயோ செட்டிங் தப்பிருச்சுன்னு அர்த்தம், படத்த திறந்து கூட பாக்க வேணாம். எஃப்பிஎஸ் எடுத்த அதே 25 தான், மாஸ்டர்ல கை வைக்காதீங்க. சவுண்ட் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எழுத்தில்லாத மாஸ்டர் எதுக்குன்னா நாளைக்கு வேற மொழிக்காரன் கேட்டா தமிழ் டைட்டில் மேலயே அவன் டைட்டில ஒட்ட முடியாது. இப்ப அஞ்சு நிமிஷ வேலை, மூணு வருஷம் கழிச்சு பழைய ப்ராஜெக்ட திறந்து ஃபாண்ட் மிஸ்ஸிங்னு வர்றப்ப அதுவே மூணு நாள் வேலை.

மாஸ்டர் வந்ததும் எடிட் சாஃப்ட்வேர மூடிட்டு வேற ப்ளேயர்ல, முடிஞ்சா வேற கம்ப்யூட்டர்ல, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவ உக்காந்து பாருங்க. ராத்திரி சீன்ல கருப்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து தெரிஞ்சா, இல்ல இருட்டுல இருக்கற முகம் மொத்தமா அடைச்சுக்கிட்டு போனா, அது கலர் பண்ணினவர் தப்பில்ல, வீடியோ லெவல் ஃபுல் லெவல் குழம்பியிருக்கு. நீங்க எடிட் பண்றது ரிசால்வ்லன்னா எக்ஸ்போர்ட் செட்டிங்ல Data Levelsனு இருக்கும், அத Autoல விட்டு திரும்ப எடுங்க. எம்பி4 இந்த மாஸ்டர்ல இருந்து எச்.264, 15 மெகாபிட் பக்கம் எடுத்தா 22 நிமிஷம் ரெண்டரை ஜிபி வரும், ஆன்லைன்ல அனுப்ப அது போதும். அதுல இங்கிலீஷ் சப்டைட்டில படத்து மேலயே நிரந்தரமா எரிச்சே குடுத்துருங்க. தேர்வு பண்றவங்க பாதிப்பேரு லேப்டாப்லயோ ஃபோன்லயோ பாப்பாங்க, தனி ஃபைல ஆன் பண்ணுவாங்கன்னு நம்பி இருக்க முடியாது.

இப்ப அந்த 25. தியேட்டர் டிசிபின்னா ஃபெஸ்டிவல்காரங்க பெரும்பாலும் கேக்கறது 24. 25ல பண்ற டிசிபியும் உண்டு, புது சர்வர் பலது ஓட்டும், ஆனா நம்ம படம் எந்த ஊர்ல எந்த ப்ரொஜெக்டர்ல மாட்டும்னு நமக்கு தெரியாதே, அதனால நான் 24லயே குடுத்துருவேன். 25ல எடுத்த படத்த 24ல ஓட்டணும்னா சுலபமான வழி, ஒரு ஃப்ரேமும் விடாம கொஞ்சம் மெதுவா ஓட்டறது தான். படம் நாலு சதவீதம் நீளும், உங்க 22 நிமிஷம் 22 நிமிஷம் 55 செகண்ட் ஆகும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணுக்கு தெரியாததால தான் ஆபத்தே.

ஒரு டாக்குமென்டரி சொல்றேன். நரசிங்கம்பேட்டைல நாகஸ்வரம் செய்யறவங்கள பத்தி தெரிஞ்ச பையன் ஒருத்தர் எடுத்தது, ஆச்சா மரத்த கடைசல் புடிக்கறதுல ஆரம்பிச்சு வாசிச்சு பாக்கறது வரைக்கும், 20 நிமிஷத்துக்கு கொஞ்சம் குறைவு, உங்கள மாதிரியே 25. மாஸ்டர் நான் தான் குடுத்தேன், .srt யும் நான் தான் குடுத்தேன், டிசிபி வெளியூர்ல ஒரு இடத்துல பண்ணினாங்க. அவங்க படத்த 24க்கு மாத்திட்டாங்க, .srt ய அப்படியே போட்டுட்டாங்க. .srt ல ஃப்ரேம் கணக்கே கிடையாது, வெறும் மணி நிமிஷம் செகண்ட் தான், படம் நீண்டது அதுக்கு எப்படி தெரியும். தஞ்சாவூர்ல ஒரு தியேட்டர்ல காலைல டெஸ்ட் போட்டு பாக்கறோம், முதல் வசனம் இருபதாவது செகண்ட்ல, சப்டைட்டில் முக்கால் செகண்ட் முன்னாடி வருது. லேசா முந்துது, பரவால்லன்னு டைரக்டர் எழுந்துட்டாரு. எனக்கு ஒரு உறுத்தல், 12வது நிமிஷத்துக்கு தள்ளுங்கன்னேன். அங்க பெரியவர் வாயே திறக்கல, அவர் அரை நிமிஷம் கழிச்சு சொல்லப் போறது கீழ ஓடிட்டு இருக்கு!

கணக்கு இதுதான், ஒரு தடவ புரிஞ்சிட்டா போதும். 25ல ஒரு விஷயம் 12வது நிமிஷத்துல நடக்குதுன்னா 24ல அது 12 நிமிஷம் 30 செகண்ட்ல நடக்கும், அதாவது நிமிஷத்துக்கு ரெண்டரை செகண்ட் தள்ளிப் போகும். அதனால .srt ல இருக்கற ஒவ்வொரு நேரத்தையும் 25ஆல பெருக்கி 24ஆல வகுக்கணும். கைல பண்ண வேணாம், Subtitle Editனு இலவசமா ஒண்ணு இருக்கு, அதுல Change frame rateனு போயி 25ல இருந்து 24னு குடுத்தா மொத்த ஃபைலும் மாறிரும். எங்க படத்துல கடைசி வசனம் 19:12. மாத்தினப்புறம் சரியா 20:00ல வந்து நின்னுச்சு. மாத்தின ஃபைல தனி பேர்ல சேவ் பண்ணுங்க, பேர்லயே 25, 24னு இருக்கட்டும், ஏன்னா எம்பி4க்கு பழசு தான் வேணும், டிசிபிக்கு தான் புதுசு.

தப்பு எந்த வகைன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஆரம்பம், நடு, கடைசி, மூணு இடத்துல பாருங்க. மூணு இடத்துலயும் ஒரே அளவு முந்துது இல்ல பிந்துதுன்னா அது ஆரம்பப் புள்ளி தப்பு, மொத்தமா நகத்தினா சரியாயிரும். ஆரம்பத்துல கொஞ்சம், போகப்போக ஜாஸ்தின்னா அது எஃப்பிஎஸ் தப்பு, அத எவ்ளோ நகத்தினாலும் சரியாகாது, ஒரு இடத்துல பொருந்தும் மத்த இடத்துல கழண்டுக்கும். நிறைய பேரு இந்த ரெண்டாவத முதல் வகைன்னு நெனச்சு நகத்தி நகத்தி ராத்திரி பூரா உக்காந்திருப்பாங்க. ஆரம்பப் புள்ளி தப்புல அடிக்கடி வர்றது ஒரு மணி நேர தப்பு. ரிசால்வ் மாதிரி சாஃப்ட்வேர்ல டைம்லைன் 01:00:00:00ல இருந்து தான் ஆரம்பிக்கும், சப்டைட்டில எக்ஸ்போர்ட் பண்றப்ப அந்த ஒரு மணியும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துரும். ஃபைல நோட்பேட்ல திறந்தா இப்படி இருக்கும்:

```
1
01:00:12,400 --> 01:00:14,900
அப்பா, ஆத்துல தண்ணி வந்துருச்சு.
```

22 நிமிஷ படத்துல ஒரு மணி நேரம் கழிச்சு வர்ற சப்டைட்டில யாரு பாக்கறது. படத்துல ஒண்ணுமே வரலையேன்னு ஃபெஸ்டிவல்ல இருந்து மெயில் வந்தா முதல்ல இதத்தான் பாக்கணும். இது இப்படி இருக்கணும்:

```
1
00:00:12,400 --> 00:00:14,900
அப்பா, ஆத்துல தண்ணி வந்துருச்சு.
```

தமிழ் ஃபைல்ல இன்னொரு சிக்கல் உண்டு. வசனத்த டிடிபி கடைல குடுத்து அடிச்சு வாங்கினா சில பேரு இன்னமும் பாமினில அடிச்சு தருவாங்க. அவங்க ஸ்க்ரீன்ல அழகா தமிழ்னு தெரியும், ப்ளேயர்ல போட்டா jkpo;னு வரும். யூனிகோடுக்கு மாத்தி, சேவ் பண்றப்ப UTF-8னு குடுத்து வைங்க, ANSIல சேவ் பண்ணினா அத்தனையும் கேள்விக்குறியா மாறிரும், திரும்பி வராது. டிசிபில தமிழ் சப்டைட்டில் வேணும்னா தனி ட்ராக்கா விடாதீங்க, படத்து மேலயே எரிச்சிருங்க. தியேட்டர் சர்வர் சிலதுக்கு நம்ம கொம்பு கால் சேக்கத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். இங்கிலீஷுக்கு இந்தப் பிரச்சனை இல்ல.

இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் நம்ம பக்கத்து படத்துக்கு ஒரு வார்த்தை. ஒரு ஆள் செகண்டுக்கு 17 எழுத்து படிப்பாங்கன்னு ஒரு பொதுக் கணக்கு, ஒரு வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரிக்கு மேல வேணாம். நம்ம பெரியவங்க "தாளடி போட்டாச்சா"ன்னு ஒரே செகண்ட்ல கேட்டுட்டு போயிருவாங்க. அந்தத் தாளடிய குறுவை அறுத்தப்புறம் போடற ரெண்டாவது நெல்லுன்னு இங்கிலீஷ்ல முழுசா விளக்கினா 50 எழுத்து தாண்டும், படிக்க மூணு செகண்ட் வேணும், அதுக்குள்ள அடுத்த வசனம் வந்து இடிக்கும். ரெண்டாவது பயிர்னு அர்த்தம் வர்ற மாதிரி ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டு போயிறணும். படத்துல பாக்கறவங்களுக்கு நாத்து தெரியுதில்ல, மீதிய அது சொல்லிரும்.

சவுண்ட்ல அந்த 25 இன்னொரு வேலை காட்டும். படம் மெதுவா ஓடறப்ப சத்தமும் மெதுவாகி சுருதி இறங்கும், அரைக் கட்டைல சுமார் முக்கால் பங்கு. பேச்சுல யாருக்கும் தெரியாது. அந்த நாகஸ்வரப் படத்த அதே தஞ்சாவூர் டெஸ்ட்ல பாத்த வித்வான் ஒருத்தர், சப்டைட்டில் கன்னாபின்னான்னு ஓடினத கவனிக்கவே இல்ல, "தம்பி, நான் வாசிச்சது இந்த சுருதி இல்லையே"ன்னாரு. சவுண்ட நீட்டறப்ப சுருதிய மட்டும் மாத்தாம நீட்ட எல்லா ஆடியோ சாஃப்ட்வேர்லயும் வழி இருக்கு, அப்படி தனியா நீட்டின டபிள்யூஏவி ய டிசிபிக்கு குடுத்தோம். உங்க படத்துல பாட்டோ மேளமோ இருந்தா இத கேட்டு பாத்துக்கோங்க, வெறும் பேச்சுன்னா விட்டுருங்க.

டிசிபிய நீங்களே பண்ணலாம், DCP-o-matic இலவசம், லேப்டாப்ல சில மணி நேரம் ஓடும். படம் 1920க்கு 1080, டிசிபி ஃப்ளாட் 1998க்கு 1080, அதனால ரெண்டு ஓரத்துலயும் 39 பிக்சல் கருப்பு வரும், அது தப்பில்ல, இழுத்து நிரப்பாதீங்க. பூட்டு போடாத டிசிபியா குடுங்க, பூட்டினா சாவி அனுப்பற வேலை தனி. குடுக்கற டிஸ்க் exFATல இருந்தா பழைய சர்வர் பலது படிக்காது, ஃபெஸ்டிவல்ல ஃபார்மட் சொல்லலன்னா கேட்டுட்டு போடுங்க. ஸ்டீரியோ மட்டும் இருந்தா வசனம் நடு ஸ்பீக்கர்ல வராது, ஓரத்து சீட்ல உக்காந்தவங்களுக்கு பக்கத்து சுவர்ல இருந்து பேசற மாதிரி கேக்கும். வசனத்த நடு ஸ்பீக்கருக்கு எடுத்துட்டு போற 5.1 மிக்ஸ் என் வேலை இல்ல, அத சவுண்ட் ஆள் கிட்ட குடுங்க. அதே மாதிரி ஓடிடிக்கு போறதுன்னா நான் சொன்னது எதையும் வச்சுக்காதீங்க, அவங்கவங்க ஒரு ஸ்பெக் அனுப்புவாங்க, அதுதான் சட்டம்.

ஸ்டில். படத்துல இருந்து ஒரு ஃப்ரேம எடுத்து போஸ்டர் போட்டுக்கலாம்னு தான் எல்லாரும் நெனைப்பாங்க. ஃபுல் எச்டி ஃப்ரேம் ரெண்டு மெகாபிக்சல் தான், 300 டிபிஐல அச்சடிச்சா ஆறரை இன்ச் அகலம் கூட வராது. ஃபெஸ்டிவல் புக்ல கால் பக்கத்துக்கு அது போதும். ஏ3 போஸ்டர நட்டமா போட்டா 3508க்கு 4961 பிக்சல் வேணும், உங்க ஃப்ரேம்ல உயரம் 1080 தான் இருக்கு, 65 டிபிஐ, பக்கத்துல நின்னு பாத்தா கட்டம் கட்டமா தெரியும். ஃபோட்டோஷாப்ல 72ன்னு இருக்கறத 300ன்னு மாத்தி அடிச்சு குடுத்தா சரியாகிரும்னு ஒருத்தர் என்கிட்டயே வாதாடினாரு, அந்த நம்பர மாத்தினா பிக்சல் பொறக்காது. ஷூட்டிங்ல ஸ்டில் எடுக்கலன்னா ஒண்ணு பண்ணுங்க, மன்னார்குடி பக்கத்துல தானே இருக்கு, அதே ஆள், அதே துணி, அதே சாயங்கால வெளிச்சம், ஒரு நாள் போயி ஒரு ஸ்டில் கேமராவுல போஸ்டருக்கு மட்டும் எடுத்துட்டு வாங்க. புக்குக்கு குடுக்கற அஞ்சு ஸ்டில்ல படத்துல இருந்தே எடுக்கலாம், கலர் பண்ணின எழுத்தில்லாத மாஸ்டர்ல இருந்து, டிஃப்லயோ பிஎன்ஜிலயோ. ஆள் அசையற ஃப்ரேம் ஓடறப்ப நல்லா இருக்கும், நிறுத்தினா கை மங்கியிருக்கும், அதனால ஒரு வசனம் முடிஞ்சு ஆள் மூச்சு விடற இடமா பாத்து நிறுத்துங்க. படுக்கை வாக்குல குடுங்க, சப்டைட்டில் இருக்கக் கூடாது, ஃபைல் பேர்ல படத்து பேர் இருக்கட்டும், IMG_0047னு அனுப்பினா அவங்க வேற படத்து பக்கத்துல போட்டாலும் கேக்க முடியாது.

கடைசியா பத்திரப்படுத்தறது. ரெண்டு மாஸ்டர், வசனம் பாட்டு மத்த சத்தம் மூணும் தனித்தனி டபிள்யூஏவி, .srt எல்லாம், டிசிபி, ஸ்டில், எழுத்து தனி லேயர்ல இருக்கற போஸ்டர் ஃபைல், ப்ராஜெக்ட், பயன்படுத்தின ஃபாண்ட், கேமரா ஃபுட்டேஜ். ரிசால்வ்ல .drp மட்டும் எடுத்து வச்சா அதுல ஃபுட்டேஜ் இருக்காது, ஃபுட்டேஜும் சேந்த .dra தான் வேணும். கூடவே பாட்டு, இடம், ஆள் அனுமதி கடிதமும் ஸ்கேன் பண்ணி அதே ஃபோல்டர்ல. வயல்ல நடவுப் பாட்டு பாடின அக்காங்க கிட்ட கையெழுத்து வாங்கலன்னா இப்பவே போயி வாங்கிருங்க, ஃபெஸ்டிவல்ல கேப்பாங்க.

மூணு காப்பின்னேன். ரெண்டு ஹார்ட் டிஸ்க், வேற வேற கம்பெனி, ஒண்ணு உங்க வீட்ல ஒண்ணு வேற ஊர்ல, மூணாவது மாஸ்டரும் .srt யும் மட்டுமாவது க்ளவுட்ல. வேற ஊர்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2018 நவம்பர் கஜா புயல்ல வேதாரண்யம் பக்கத்துல தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு டிஸ்க்கையும் ஒரே பீரோல வச்சிருந்தாரு, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குன்னு. ஓடு பறந்து பீரோக்குள்ள தண்ணி, ரெண்டும் சேந்து போச்சு. வெறும் எஸ்எஸ்டில போட்டு வருஷக்கணக்கா கரண்டு இல்லாம வைக்காதீங்க, அது மெதுவா மறக்கும். ஹார்ட் டிஸ்க்க காத்து போகாத டப்பால சிலிகா ஜெல் பாக்கெட்டோட வைங்க, நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அது வேணும், வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்து ஓட்டி பாருங்க.

காப்பி பண்ணினதும் நல்லபடியா வந்துச்சான்னு கண்ணால பாத்து தெரியாது, 30 ஜிபி ஃபைல்ல நடுவுல ஒரு இடம் கெட்டிருந்தா அங்க ஓடறப்ப தான் உறையும். விண்டோஸ்ல அந்தந்த ஃபைல் இருக்கற ஃபோல்டர்லயே கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இத ஒரிஜினலுக்கு ஒரு தடவ, காப்பிக்கு ஒரு தடவ அடிங்க:

```
certutil -hashfile MASTER_25.mov MD5
```

ரெண்டு தடவையும் அதே 32 எழுத்து வந்தா ஃபைல் அச்சு அசலா அதேதான், ஒரு எழுத்து மாறினாலும் அந்த காப்பிய தூக்கிட்டு திரும்ப பண்ணுங்க. அந்த 32 எழுத்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு கூடவே வச்சிருங்க, வருஷா வருஷம் ஓட்டி பாக்கறப்ப ஒப்பிட்டு பாக்கலாம். டிஸ்க் மேல மார்க்கர்ல படத்து பேர், தேதி, 25 எஃப்பிஎஸ், இவ்ளோ எழுதிருங்க. .srt ரெண்டுல எது எந்த படத்துக்குன்னு மூணு வருஷம் கழிச்சு யாராவது ஃபோன் பண்ணி கேப்பாங்க.